தங்கிப் போனவருக்கு நன்றி மெயில்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர்களின் கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் பல வருடம் ரிசப்ஷன் பொறுப்பில் இருந்த அக்கா பதில் சொல்கிறார்.

முட்டத்தில் ஆறு ரூம் வைத்திருக்கிறேன். போன வாரம் தங்கிய கோயம்புத்தூர் குடும்பம் வெந்நீர் வரவில்லை என்று சொன்னது. அவர்களுக்கு ரிவ்யூ மெயில் அனுப்பலாமா, விட்டுவிடலாமா அக்கா?

அனுப்புங்க தம்பி. அவர்கள் சொன்ன குறையை மறைக்காமல் எழுதுங்கள். 'தங்கள் வருகையால் பெருமை அடைகிறோம்' என்று எல்லோருக்கும் போகும் அதே கடிதம் அவர்களுக்கும் போனால், சொன்னது யார் காதிலும் விழவில்லை என்றுதான் நினைப்பார்கள். ஹீட்டரை நிஜமாகவே சரிசெய்த பிறகு இப்படி எழுதலாம்:

"வணக்கம். இரண்டு நாள் எங்களோடு தங்கியதற்கு நன்றி. மாத்தூர் தொட்டிப்பாலம் போய் வந்த அன்று வெந்நீர் வரவில்லை என்று சொன்னீர்கள். ஹீட்டரில் தெர்மோஸ்டாட் பழுதாகியிருந்தது, மாற்றிவிட்டோம். குழந்தைகளோடு சிரமப்பட்டதற்கு மன்னிக்கவும்.

இங்கே தங்கியது எப்படி இருந்தது என்று எழுத விருப்பமிருந்தால், கீழே உள்ள இணைப்பில் எழுதலாம். நல்லது, குறை எதுவானாலும் சரி. எங்களிடம் மட்டும் சொல்ல நினைத்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள், இதற்காக மறுபடி மெயில் வராது."

இதில் 'ஐந்து ஸ்டார்' என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா? 'உங்கள் ரிவ்யூதான் எங்கள் பிழைப்பு' என்றும் எழுதாதீர்கள். அதைப் படித்தவர் உங்கள் மேல் இரக்கப்பட்டு எழுதுவார், இல்லையென்றால் சங்கடப்பட்டு மெயிலை மூடிவிடுவார். ரூம் எப்படி இருந்தது என்பது இரண்டிலும் உங்களுக்குத் தெரியவராது.

ரூமைக் காலி செய்யும்போதே கவுண்டரில் க்யூஆர் கோடைக் காட்டி எழுத வைக்கிறேன். நிறைய வருகிறது. மெயில் எதற்கு?

வரும், நீங்கள் எதிரே நிற்கிறீர்களே! ஆட்டோ வாசலில் நிற்க, பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தட்டுவது 'குட்', 'நைஸ்' என்ற ஒரு சொல்தான். அடுத்து வருகிறவருக்கு அதனால் என்ன தெரியும்? ராத்திரி ரயிலில் சென்னை போகிறவருக்கு மறுநாள் காலை குளிக்கவும் வேலைக்கு ஓடவுமே சரியாக இருக்கும். அன்று சாயங்காலம் அனுப்புங்கள். ஒரு வாரம் தள்ளினால் எந்த ரூம் என்பதே மறந்துபோகும்.

நான் முதலில் 'திருப்தியா?' என்று கேட்பேன். ஆமாம் என்றால் மட்டும் கூகுள் இணைப்பு. இல்லை என்றால் எனக்கு மட்டும் எழுதச் சொல்வேன். எழுதினால் அடுத்த முறை பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. சரிதானே?

குறை இருப்பவர் நேரடியாக உங்களிடம் சொல்ல ஒரு வழி வைத்தீர்களே, அது நல்லது. ஆனால் அந்த வழி எல்லோருக்கும் இருக்கவேண்டும், கூகுள் இணைப்பும் எல்லோருக்கும் போகவேண்டும். திருப்தியானவரிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதை கூகுள் விதி தடுக்கிறது. ரிவ்யூவுக்குத் தள்ளுபடி, இலவசம் கொடுப்பதும் அப்படியே. மறுபடி வருகிறவருக்குச் சலுகை கொடுக்க ஆசை என்றால், ரிவ்யூ எழுதினாலும் எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் கொடுங்கள். நன்றி மெயிலில் அந்தப் பேச்சு வேண்டாம்.

எங்கள் லாட்ஜ் பற்றி ஒருத்தர் மோசமாக எழுதிவிட்டார். அதை எடுக்கச் சொல்லி மெயில் எப்படி எழுதுவது?

இங்கே பேசுவது வேறு விஷயம் அண்ணே. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: எடுக்கச் சொல்லி எழுதாதீர்கள். அந்த ரிவ்யூவுக்குக் கீழேயே, என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரி பதில் போடுங்கள். அடுத்து ரூம் தேடுகிறவர் அதையும் படிப்பார்.

புக்கிங் டாட் காம் வழியாக வருகிறவர்களின் சொந்த மெயிலே கிடைப்பதில்லை. @guest.booking.com என்று முடியும் முகவரிதான் வருகிறது. அதற்கும் இதே மெயிலை அனுப்பலாமா?

அந்த முகவரிக்கு எழுதினால் அவர்களுக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்தத் தளமே, தங்கி முடித்தவரிடம் ரிவ்யூ கேட்டு மெயில் அனுப்புகிறது. நீங்களும் கூகுள் இணைப்பு அனுப்பினால் ஒரே வேலையை அவர் இரண்டு தடவை செய்யவேண்டும். நன்றியும், குறை சொல்லியிருந்தால் அதற்கான பதிலும் போதும், இணைப்பை எடுத்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால் ஒரு தடவை நினைவூட்டினால் என்ன தப்பு? என் அனுபவத்தில் இரண்டாவது மெயிலுக்குத்தான் நிறையப் பேர் எழுதுகிறார்கள்.

எழுதுவார்கள், அதை நான் மறுக்கவில்லை. 'மறுபடி வராது' என்று முதல் மெயிலில் சொல்லியிருந்தால் அனுப்பவே கூடாது. சொல்லாதபோது ஒன்று அனுப்பலாமா என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. நான் அனுப்புவதில்லை. நீங்கள் அனுப்பினால், 'இன்னும் எழுதவில்லையே' என்று தொடங்காதீர்கள்.