ஹோட்டல்ல தங்கினவங்க வீட்ல ஒரு சாவு, இரங்கல் கடிதத்துல என்ன எழுதறது?

"அண்ணே, நான் சிங்கப்பூர் வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, ஒரு ஹோட்டல்ல ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை. எங்ககிட்ட தங்கியிருந்த திருச்சிக்காரர் ஒருத்தரோட அம்மா நேத்து ராத்திரி ரூம்லயே இறந்துட்டாங்க. தமிழ்ல ஒரு இரங்கல் கடிதம் எழுது, நம்ம என்ன உதவி பண்ணலாம்னும் அதுல சேர்த்துடுன்னு மேனேஜர் சொல்றார். எப்படி எழுதறதுன்னே தெரியல."

தம்பி, உடனே டைப் பண்ண உக்காராதீங்க. முதல்ல மேனேஜர்கிட்ட போய், ரூம் எத்தனை ராத்திரிக்கு இலவசம், சாப்பாடு யார் கணக்கு, கார் உண்டா இல்லையான்னு கறாரா கேட்டு வாங்கிட்டு வாங்க. ஏன்னா "எந்த உதவி வேணும்னாலும் தயங்காமல் கேளுங்கள்"னு எழுதறது உதவியே இல்ல, அம்மா செத்துப் போயி நிக்கிற மனுஷன் ரிசப்ஷனுக்கு இறங்கி வந்து எனக்கு இன்னொரு ரூம் குடுங்கன்னு கேப்பாரா, கேக்கவே மாட்டாரு. கடிதம் அவர் கைக்குப் போறப்ப எல்லாம் செஞ்சு முடிச்சிருக்கணும், கடிதம் அதைச் சொல்ற தாள், அவ்வளவுதான்.

இங்க இந்த மாதிரி நேரத்துல என்ன நடக்கும்னு தெரிஞ்சாத்தான் எந்த உதவி பயன்படும்னு தெரியும். ரூம்ல இறந்ததால போலீஸ் வந்திருப்பாங்க, உடலை ஊட்ரம் ரோட்டுல இருக்கற சுகாதார அறிவியல் ஆணையத்தோட, அதாவது எச்எஸ்ஏவோட பிணவறைக்குக் கொண்டு போயிருப்பாங்க. மகன் அங்க போயி அடையாளம் காட்டணும். பிரேதப் பரிசோதனை வேணுமா வேணாமான்னு முடிவு பண்றது மரண விசாரணை அதிகாரியான கரோனர், ஹோட்டலோ குடும்பமோ இல்ல. ஆனா அந்தம்மாவுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு, சர்க்கரைன்னு இருந்து ஊர்ல டாக்டர் பார்த்திருந்தா அந்தப் பேப்பரும் சாப்பிட்ட மாத்திரையும் கையில இருக்கறது ரொம்ப முக்கியம், கரோனர் அதையும் பார்த்துத்தான் முடிவு எடுப்பாங்க. அதனால ஊர்ல இருந்து வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்தா உடனே பிரிண்ட் எடுத்துக் குடுக்க ஒரு ஆளை வைங்க, பூங்கொத்தை விட இது நூறு மடங்கு பெரிய உதவி.

பழைய ரூமை போலீஸ் அதிகாரி சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, ஹவுஸ்கீப்பிங்கும் போகக்கூடாது. பாஸ்போர்ட், மாத்திரை எல்லாம் உள்ளதான் கிடக்கும், அதை எப்ப எடுக்கலாம்னு அந்த அதிகாரிகிட்ட நீங்களே கேட்டு வச்சிட்டு கடிதத்துல எழுதுங்க. புது ரூம் வேற மாடியில இருக்கணும், அந்த பழைய கதவைத் தாண்டி தினம் நடக்க வைக்காதீங்க.

எழுதறப்ப எப்படி இறந்தாங்க, எதனால இறந்தாங்கங்கிற பேச்சே வேணாம். காரணம் இன்னும் முடிவாகல, அந்தத் தாள் நாளைக்கு இன்சூரன்ஸ் ஃபைல்ல போயி உக்காரலாம். "நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க", "காலம் ஆற்றும்" மாதிரி வசனமும் வேணாம், அவங்க மதம், மனசு எதுன்னு நமக்குத் தெரியாது. "விரைவில் ஊருக்கு அனுப்பி வைக்கிறோம்"னு மட்டும் எழுதவே எழுதாதீங்க, அது நம்ம கையில இல்லாத விஷயம், நாள் தள்ளிப் போனா அந்த ஏமாத்தம் ரொம்ப வலிக்கும்.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் தாயாரின் மறைவால் நாங்கள் மிகவும் வருந்துகிறோம். உங்களுக்கும் உங்கள் குடும்பத்தாருக்கும் எங்கள் ஆழ்ந்த இரங்கல்.

ஏழாவது மாடியில் உங்களுக்கு ஒரு அறை தயாராக உள்ளது. வெள்ளிக்கிழமை வரை அதற்குக் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் சொன்னால் போதும். பழைய அறையில் உள்ள உங்கள் பொருட்களை யாரும் தொடவில்லை. போலீஸ் அனுமதி கிடைத்ததும் நீங்கள் இருக்கும்போது மட்டுமே திறப்போம்.

காலை, மதியம், இரவு சைவ உணவும் காப்பியும் உங்கள் அறைக்கே வரும். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். அறைத் தொலைபேசியில் இந்தியாவுக்கு இலவசமாகப் பேசலாம். நாளை காலை 9 மணிக்கு நீங்கள் வெளியே போக வர ஒரு கார் வாசலில் நிற்கும்.

இன்று இரவு முழுவதும் ______ என்ற எண்ணில் இருப்பவர் ______. தமிழில் பேசலாம். எந்த நேரமும் அழையுங்கள்."

கீழ மேனேஜர் பேனாவுல கையெழுத்துப் போடணும். ஹோட்டலோட விளம்பர வரி, ஸ்பா படம் எதுவும் இல்லாத வெள்ளைத் தாள். இருக்கறது தமிழ்க் குடும்பம், அதனால இது போதும், சீனக் குடும்பமா இருந்தா சிவப்பு உறை, சிவப்பு ரிப்பன் கட்டின பழக்கூடை எதுவும் பக்கத்துல வந்துடக்கூடாதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க. சாப்பாட்டைப் பத்தி மட்டும் முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, துக்கம் காக்கற வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும், சிலர் உடல் போற வரைக்கும் கஞ்சி தவிர எதுவும் தொட மாட்டாங்க. ஆனா பஃபேக்குக் கீழ வாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.

இமெயில்ல அனுப்பாதீங்க, கதவுக்கு அடியில சொருகாதீங்க. நீங்களும் மேனேஜரும் போயி, கையில குடுத்து, ரெண்டு நிமிஷம் நின்னு, அவர் பேசினா கேட்டுட்டு வாங்க. அப்ப வாயால சொல்ல வேண்டியது சிலது இருக்கு, அதை எழுதினா கடிதம் ஆபீஸ் சர்க்குலர் மாதிரி ஆயிடும். உடலை ஊருக்குக் கொண்டு போக இந்தியத் தூதரகத்துல அம்மாவோட பாஸ்போர்ட்டை ரத்து பண்ணி அனுமதி வாங்கணும், உடல் கெடாம இருக்க எம்பாமிங் செய்யணும், சவப்பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்ப இங்க பெர்மிட் வேணும், ஏர்லைன் கார்கோ புக்கிங் வேணும், இதையெல்லாம் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளரே செஞ்சுடுவார். ரெண்டு மூணு பேரோட நம்பர் குடுங்க, ஒருத்தரை மட்டும் கை காட்டாதீங்க. டிராவல் இன்சூரன்ஸ் இருந்தா யாருக்கும் பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க, முன்கூட்டி சொல்லாம செஞ்ச செலவுக்கு அவங்க பிரச்சினை பண்ணலாம். மரணச் சான்றிதழ் இப்ப டிஜிட்டல்தான், My Legacyங்கிற சிங்கப்பூர் அரசாங்கத் தளத்துல இருந்து பதிவான 30 நாளுக்குள்ள டவுன்லோட் பண்ணிடணும், அதையும் உங்க பிரிண்டர்லயே நாலஞ்சு காப்பி எடுத்துக் குடுங்க, ஊர்ல கேக்கற இடமெல்லாம் தாளாத்தான் கேப்பாங்க.

இன்னொண்ணு, இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. உங்க ஹோட்டல் சிஸ்டம்ல இருந்து தானா போற மெயிலை எல்லாம் இன்னைக்கே நிறுத்துங்க. மகன் பேரிலயும் அம்மா பேரிலயும் ப்ரொஃபைல் இருந்தா ரெண்டையும் நிறுத்தணும். உருக்கமா ஒரு கடிதம் குடுத்துட்டு, ஊர்ல காரியம் நடக்கறப்ப "உங்கள் தங்கல் எப்படி இருந்தது, அஞ்சு ஸ்டார் குடுங்க"ன்னு ஒரு சர்வே போனா முன்னாடி செஞ்சது அத்தனையும் வீண். வருஷம் கழிச்சு அம்மா பேருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போறதும் இப்படித்தான் நடக்குது. ரிசர்வேஷன்ல கேட்டா எந்த டிக்கை எடுக்கணும்னு காட்டுவாங்க, எடுத்தாச்சான்னு உங்க கண்ணால பாருங்க.

பில்லையும் முன்கூட்டியே சரி பண்ணி வைங்க, கிளம்பற அன்னைக்குக் கவுன்டர்ல நிக்க வச்சு மினிபார் கணக்கு பாக்கக்கூடாது. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வர்ற பசங்களுக்கும் சொல்லி வைங்க, ஆனா ரூம் நம்பரும் விஷயமும் டூட்டியில இருக்கறவங்களைத் தாண்டி போகக்கூடாது.

மேனேஜர் எத்தனை ராத்திரி குடுக்கறார்னு கேட்டுட்டு எழுதினதை எனக்கு அனுப்புங்க, நான் பத்து மணி வரைக்கும் முழிச்சிருப்பேன், பார்த்துட்டுத் திருப்பி அனுப்பறேன்.