ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் பெண்கள்: கேள்வி பதில்

அக்கா, புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுல வர்ற 'கருவூர் பொன் வாணிகன் நத்தி' ஒரு பெண் தானுங்களே? பேர் இகரத்துல முடியுதே.

பெண் வணிகரைத் தேடுவது எனக்கும் பிடித்த வேலைதான் தம்பி. ஆனால் 'வாணிகன்' என்ற ஆண்பால் ஈறு பக்கத்திலேயே நிற்கிறது. பெயர் இகரத்தில் முடிவதை மட்டும் நம்ப முடியாது. அஞ்சி, காரி, ஓரி எல்லாரும் ஆண்கள். கருவூரில் பொன் விற்றவர் என்பது வரை நீங்கள் சொன்னது சரி.

அப்ப அந்த மலைல பெண்ணே இல்லையா?

இருக்கிறார். வேலாயுதம்பாளையத்துக்குப் பக்கத்தில் சமணத் துறவிகள் படுத்த குகைகளில் ஒன்றில் 'குறும்மகள் கீரன் நோறி' என்று வெட்டியிருக்கிறது. முன்னால் நல்லியூர்ப் பிடன் என்பவரின் பெயர், பின்னால் 'செயிபித பளி', அதாவது அவள் செய்பித்த பள்ளி, துறவிகள் தங்கும் இடம். இந்தக் கல்வெட்டின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் புள்ளியும் இரட்டித்த எழுத்தும் பல இடத்தில் விடுபடும், அதனால்தான் 'பளி'. எனக்கு முக்கியம் அந்த வினைச்சொல். பிடன் அவளை அடையாளம் காட்ட வருகிறார், பள்ளியைச் செய்வித்தவள் அவள்.

சிக்கலும் உண்டு. குறுமகள் என்றால் இளம்பெண். பிடனின் இளைய மகளா, இளம் மனைவியா? பெண்ணின் பெயருக்கு முன்னால் 'கீரன்' எதற்கு? ஒரே வரியை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செலவு யார் கையிலிருந்து போனது என்பதையும் கல் சொல்லவில்லை.

கொங்கு நாட்டை ஆண்ட ராணி யாராவது?

இதே மலையில் சேரர் கல்வெட்டு கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையைச் சொல்கிறது. ஒரு தாயின் பெயர்கூட இல்லை. அப்புறம், தகடூர் அதியமான் ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பிய கதையைப் பலர் எழுதுவார்கள். புறநானூறு 95-ஆம் பாட்டில் ஆயுதங்கள்தான் இருக்கின்றன, தூது என்பது பாட்டின் கீழ் உள்ள பழங்குறிப்பில் வருகிறது. இரண்டையும் பிரித்துப் படியுங்கள்.

எங்க அப்பத்தா ஊர்க் கோயில் கல்லுல 'மணவாட்டி'ன்னு ஒரு சொல் தெரியுது. விபூதி பூசினா நல்லாத் தெரியும்ங்கறாங்க. அது எங்க பாட்டிமார் பேருங்களா?

விபூதியும் எண்ணெயும் வேண்டாம் அம்மா, எழுத்துப் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். காலை வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் படம் எடுங்கள், நிழலிலேயே எழுத்து எழுந்து நிற்கும். மணவாட்டி என்றால் மனைவி. கொங்குக் கோயில்களில் இன்னார் மணவாட்டி சந்தி விளக்குக்கு அச்சு கொடுத்தாள் என்ற மாதிரி வரிகள் உண்டு. அச்சு என்பது காசு. அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் அவள் பெயர் வரும், அதைத்தான் முதலில் தேட வேண்டும். உங்கள் குடும்பமா என்பதை அப்புறம் பார்க்கலாம், முழு வரியும் தெரிகிற மாதிரி படத்தை அனுப்புங்கள்.