குரோமில் மட்டும் அசையாத படிவம்: கேள்வி பதில்

ஓய்வு பெற்ற ஆசிரியர்: பேத்தியின் உதவித்தொகை விண்ணப்பத்தை முழுக்க நிரப்பிவிட்டேன். கடைசியில் Submit பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் அதே கணினியில் எட்ஜில் திறந்தான், பட்டன் வேலை செய்கிறது. என் குரோம் கெட்டுவிட்டதா?

பதில்: குரோம் கெடவில்லை ஐயா. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துவிடாதீர்கள், நிரப்பியதெல்லாம் போய்விடும். முதலில் மவுஸை விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தில் கர்சரை வைத்து Tab விசையைத் தட்டுங்கள். Submit பட்டனைச் சுற்றி ஒரு கோடு தெரிந்ததும் ஸ்பேஸ் விசையை அழுத்துங்கள்.

அப்போது விண்ணப்பம் போய்விட்டால் பட்டனில் குறையில்லை, அதன் மேல் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கிறது. உங்கள் மவுஸ் கிளிக் அதன் மேல்தான் விழுகிறது. Tab பட்டனில் நிற்காமல் தாண்டிப் போனால் பட்டன் பூட்டப்பட்டிருக்கிறது, ஏதோ ஒரு கட்டம் நிரம்பவில்லை என்று படிவம் நினைக்கிறது. கோடு விழுந்தும் ஸ்பேஸுக்கு அசையவில்லை என்றால் பெரும்பாலும் பட்டனுக்குப் பின்னால் இருந்து அதை இயக்கும் ஸ்கிரிப்ட் என்ற நிரலில் கோளாறு.

அப்புறம் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடி போல ஒரு சின்னம் இருக்கிறதா? அப்படியென்றால் Ctrl + 0 அழுத்துங்கள். ஜூம் 100-க்குத் திரும்பும், நிரப்பியது அழியாது.

அதே ஆசிரியர்: ஸ்பேஸ் அழுத்தியதும் போய்விட்டது! ஜூம் 150 என்று இருந்தது. எழுத்து பெரிதாக இருந்தால் பட்டன் ஏன் நிற்க வேண்டும்? 100-இல் எனக்குப் படிக்கவே முடியாதே.

பதில்: உங்கள் திரை 1366 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பழைய லேப்டாப்கள் பலவற்றில் அதுதான் அளவு. 150 சதவீத ஜூமில் பக்கத்துக்கு அந்தத் திரை வெறும் 911 புள்ளி அகலமாகத்தான் தெரியும். பல படிவங்கள் 992-க்குக் கீழே போனால் டேப்லெட் என்று நினைத்து அமைப்பை மாற்றிக்கொள்ளும். உயரமும் அதேபோல் குறைகிறது. அடியில் ஒட்டியிருக்கும் குக்கி அறிவிப்பு, சாட் சின்னம், உதவி எண் பட்டை எல்லாம் பெரிதாகிப் பட்டன் மேல் வந்து உட்காரும். அதன் ஓரம் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் பட்டன் தெரியும், ஆனால் கிளிக் சேராது. டிராப்டவுன் பட்டியல் திரைக்குக் கீழே திறந்துகொண்டு, திறக்கவே இல்லை என்ற எண்ணத்தைத் தருவதும் இதனால்தான்.

குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ஜூமை நினைவு வைக்கும். Ctrl விசையில் கை பட்டிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டாலே மாறிவிடும். எட்ஜ் தன் கணக்கைத் தனியாக வைத்திருக்கிறது, அதனால்தான் அங்கே பிரச்சினை இல்லை.

படிப்பதற்கு, விண்டோஸ் விசையோடு + அழுத்துங்கள். அது திரையை உருப்பெருக்கும், பக்கத்துக்கு அது தெரியாது, எனவே அமைப்பு கலையாது. மூட விண்டோஸ் விசையோடு Esc. பெரிய எழுத்து தேவைப்படுகிறவர்களைச் சோதித்துப் பார்க்காமல் படிவம் செய்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கண் மங்கியவர்தான் ஜூம் வைப்பார், அவருக்குத்தான் பட்டன் மறைகிறது.

சேவை மையம் நடத்துபவர்: இவ்வளவு எதற்கு? கேஷை அழித்தால் எல்லாம் சரியாகும். நான் வருகிற எல்லாருக்கும் அதைத்தான் செய்கிறேன்.

பதில்: பாதி சரி அண்ணா. தளம் புதுப்பித்த பிறகும் பழைய ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் தங்கியிருந்தால் அது உதவும். அதற்கு அந்தப் பக்கத்தில் Ctrl + Shift + R அழுத்தினாலே பெரும்பாலும் போதும். ஆனால் கேஷை அழிப்பதால் ஜூம் மாறாது, குரோமில் கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷனும் அணையாது. கூடவே குக்கியையும் அழித்தால் வாடிக்கையாளர் லாகின் போய், மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டியிருக்கும்.

கல்லூரி மாணவி: எனக்குப் பிறந்த தேதிக் கட்டம். கிளிக் செய்தால் காலண்டர் வரவில்லை, கையால் டைப் செய்யவும் விடவில்லை. தோழியின் ஃபயர்பாக்ஸில் வருகிறது.

பதில்: டைப் செய்யவும் விடவில்லை என்பதுதான் முக்கியமான துப்பு. உலாவியே தரும் தேதிக் கட்டம் என்றால் காலண்டர் வராவிட்டாலும் எண்களைத் தட்டலாம். பழைய படிவங்களில் அது வெறும் எழுத்துக் கட்டம். தப்பான தேதி வரக்கூடாது என்று அதைப் பூட்டி, ஒரு ஸ்கிரிப்ட் மூலம் காலண்டரைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த ஸ்கிரிப்ட் வராவிட்டால் பூட்டு மட்டும் மிஞ்சும்.

F12 அழுத்தி Console பகுதியைப் பாருங்கள். சிவப்பில் இப்படி இருக்கிறதா?

```
net::ERR_BLOCKED_BY_CLIENT
Uncaught ReferenceError: $ is not defined
```

முதல் வரி வந்தால், தடுத்தது சர்வரோ நெட்டோ இல்லை. உங்கள் கணினியிலேயே, பெரும்பாலும் ஒரு எக்ஸ்டென்ஷன். தடுக்கப்பட்ட கோப்பை நம்பியிருந்த ஸ்கிரிப்ட் விழுந்ததைத்தான் இரண்டாவது வரி சொல்கிறது.

உறுதி செய்ய இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதித்திருந்தால் தவிர அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. ஆனால் ஒன்று, சாதாரண ஜன்னலில் வைத்த ஜூம் அங்கேயும் கூடவே வரும். ‘இன்காக்னிடோவிலும் வேலை செய்யவில்லை, ஆகவே தளத்தில்தான் கோளாறு’ என்று பலர் முடிவு கட்டுவது இதைக் கவனிக்காமல்தான்.

அதே மாணவி: இன்காக்னிடோவில் காலண்டர் வந்தது. ஆனால் என்னிடம் நிறைய எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. எதை அணைப்பது?

பதில்: முதலில் விளம்பரத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் அணையுங்கள். அது இல்லையென்றால் `chrome://extensions` போய்ப் பாதியை அணைத்துப் பக்கத்தை மறுபடி திறங்கள். சரியானால் குற்றவாளி அணைத்த பாதியில், இல்லையென்றால் மீதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். எதையும் நீக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கும் இதே பிரச்சினை. ஓடிபி போனுக்கு வரவே இல்லை.

பதில்: இது வேறு. ஓடிபி கேட்கும் பட்டனை அழுத்தியதும் திரையில் நேரம் குறைய ஆரம்பித்தால் பட்டன் தன் வேலையைச் செய்துவிட்டது. எந்த எண்ணுக்குப் போகிறது என்று சரிபாருங்கள். நேரமும் ஓடவில்லை என்றால் மேலே சொன்ன Tab சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு தாய்: எனக்கு ஆங்கிலம் வராது. குரோமில் பக்கத்தைத் தமிழாக்கித்தான் நிரப்புவேன். மாநிலம் தேர்ந்தெடுத்ததும் மாவட்டப் பட்டியல் அப்படியே நின்றுவிடுகிறது.

பதில்: மொழிபெயர்ப்புதான் காரணமாக இருக்கலாம் அம்மா. அது பக்கத்தில் உள்ள எழுத்துகளை எடுத்துவிட்டுத் தன் எழுத்தை வைக்கிறது. மாவட்டப் பட்டியலை மாற்ற வரும் ஸ்கிரிப்ட், தான் வைத்த எழுத்தைக் காணாமல் நின்றுவிடும். Console-இல் `removeChild` என்ற சொல்லோடு பிழை தெரிந்தால் அநேகமாக இதுதான். அதே படிவத்தை இரண்டு டேபில் திறந்து, ஒன்றைத் தமிழில் படித்து, மற்றதை மூலத்திலேயே நிரப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு டேபை விடாத தளமாக இருந்தால், தமிழாக்கிய பக்கத்தை முன்பே பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் நிறுவன ஊழியர்: ஜூம் 100, எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லை. Tab பட்டனில் நிற்கிறது, ஸ்பேஸ் அழுத்தினாலும் அசைவில்லை. Console-இல் `An invalid form control with name='spouse_id' is not focusable.` என்று இருக்கிறது.

பதில்: கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் மறைந்து கிடக்கிறது. உலாவி அங்கே கர்சரைக் கொண்டுபோக முடியாமல் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறது. பெயரைப் பார்த்தால் துணைவர் எண் போலிருக்கிறது. ‘திருமணமானவர்’ என்று ஒருமுறை மாற்றினால் அந்தக் கட்டம் வெளியே வரும். பிறகு ‘திருமணமாகாதவர்’ என்று திருப்பி, அனுப்பிப் பாருங்கள்.

அதே ஊழியர்: மாற்றினேன், கட்டம் வந்தது, திருப்பியதும் மறைந்தது. அதே பிழைதான்.

பதில்: அப்படியென்றால் மறைக்கும்போது கட்டாயம் என்பதை எடுக்க மறந்திருக்கிறார்கள். இது படிவம் செய்தவர்தான் திருத்த வேண்டியது. பொய்யாக எதையும் நிரப்பாதீர்கள், அது பதிவாகிவிடும். அந்தப் பிழை வரியை அப்படியே படம் எடுத்து உதவி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கடைசித் தேதி என்றைக்கு?