உற்பத்தி குறைந்தும் மின்சாரம் குறையவில்லையே? நூற்பாலை வாசகர்களின் கேள்விகள்

எங்கள் மில்லில் 100 டன் நூல் ஓடிய மாதம் ஒரு கிலோ நூலுக்கு ஆன யூனிட், அதாவது யுகேஜி, 4. ஆர்டர் குறைந்து 60 டன் ஓடிய மாதம் 4.67. ஆட்கள் மின்சாரத்தை வீணடிக்கிறார்கள் என்கிறார் முதலாளி. உண்மையா? – சூப்பர்வைசர், ராஜபாளையம்

இந்த எண்களை வைத்து ஆட்களைக் குறை சொல்ல முடியாது. 100 டன்னுக்கு 4,00,000 யூனிட், 60 டன்னுக்கு 2,80,000 யூனிட். 40 டன் குறைந்ததில் 1,20,000 யூனிட் குறைந்திருக்கிறது. அதாவது ஒரு கிலோ நூலுக்கு உண்மையில் கூடுவதும் குறைவதும் 3 யூனிட்தான். 100 டன்னுக்கு 3 யூனிட் வீதம் 3,00,000 போக, மீதி 1,00,000 யூனிட் நூல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதாமாதம் போகிறது. 60 டன்னிலும் அதே 1,00,000 மிஞ்சும், போட்டுப் பாருங்கள். அந்த நிலையான செலவை 100 டன் பங்கு போட்டால் கிலோவுக்கு 1 யூனிட், 60 டன் பங்கு போட்டால் 1.67. யுகேஜி ஏறியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் இரண்டு மாதத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு புள்ளியை எப்படிச் சேர்த்தாலும் ஒரு நேர்கோடு வந்துவிடும். குறைந்தது 12 மாதக் கணக்கை எடுத்து, கீழே டன், பக்கவாட்டில் யூனிட் என்று வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி நின்றால் அந்தக் கோட்டை நம்பலாம். சிதறிக் கிடந்தால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

புள்ளிகள் தாறுமாறாக விழுகின்றன. ஏன்? – மெயின்டனன்ஸ் பொறுப்பாளர், திண்டுக்கல்

பெரும்பாலும் கணக்கு எடுத்த விதத்தில்தான் கோளாறு இருக்கும். மீட்டர் ரீடிங் ஒரு தேதியில், உற்பத்திக் கணக்கு இன்னொரு தேதியில் முடிந்தால் இரண்டும் ஒட்டாது. தினமும் ஒரே ஷிப்ட் மாறும் நேரத்தில் நீங்களே மீட்டரைக் குறித்து வையுங்கள். சொந்தக் காற்றாலை இருந்தால் பில்லில் கழித்தது போக மிஞ்சிய யூனிட்டை எடுக்கக்கூடாது, மீட்டர் காட்டும் மொத்தத்தை எடுக்க வேண்டும். கூரை சோலாரும் ஜெனரேட்டரும் தருவதை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் நம்பர். 60-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவுக்கு 40-ஐ விட நிறைய மின்சாரம் கேட்கும். எல்லாவற்றையும் 40-க்குச் சமமாக மாற்றிய கிலோவில் எழுதினால்தான் மாதங்களை ஒப்பிட முடியும்.

நிலையான 1,00,000 யூனிட் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – மில் உரிமையாளர், உடுமலை

மாதம் 720 மணி நேரத்தால் வகுத்தால் சுமார் 139 கிலோவாட். ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஃபேன்கள், கம்ப்ரசர், விளக்குகள், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு எல்லாம் சேர்ந்தது இது. பாதி ஃபிரேம் நின்றாலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் முதலில் பார்ப்பது கம்ப்ரசரை. வார விடுமுறையில் எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது, காற்று லைனைத் திறந்தே வைத்து கம்ப்ரசரை ஓட்டுங்கள். யாரும் காற்றை எடுக்கவில்லை, ஆனாலும் அது லோடு ஆகும், அதாவது காற்றை அழுத்தி அனுப்பும். கைக்கடிகாரத்தில் லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் பல சுற்றுக்குக் குறித்து சராசரி எடுங்கள். லோடு 90 நொடி, அன்லோடு 210 நொடி என்றால், 300-ல் 90, அதாவது கம்ப்ரசர் தரும் காற்றில் 30 சதவீதம் கசிகிறது. நன்றாகப் பராமரிக்கும் இடத்தில் இது 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 37 கிலோவாட் கம்ப்ரசரில் 30 சதவீதம் என்பது ஏறக்குறைய 11 கிலோவாட், மாதம் சுமார் 8,000 யூனிட். தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி வைத்த கம்ப்ரசருக்கு இந்த நேரக் கணக்கு சரிவராது. அங்கே அது எடுக்கும் கிலோவாட்டையே பாருங்கள்.

கசிவைத் தேட ஆட்டோகோனர் ஸ்பிளைசர் ஹோஸ், ரிங் ஃபிரேம் டாப் ஆர்முக்குப் போகும் டியூப் இணைப்பு, டிரெயின் வால்வு ஆகியவற்றில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். மெஷின் இரைச்சல் இல்லாத அந்த நாளில் பாதிக் கசிவு காதுக்கே கேட்டுவிடும்.

வீணாவது எந்த மாதத்தில் தொடங்கியது என்று தெரியுமா? – எலக்ட்ரீஷியன், கோவை

தெரியும். நல்லபடியாக ஓடிய காலத்தின் கோட்டை அளவுகோலாக வையுங்கள். முதல் கேள்வியில் வந்த மில்லென்றால், 90 டன்னுக்கு 2,70,000 + 1,00,000 = 3,70,000 யூனிட் ஆக வேண்டும். மீட்டர் 3,78,000 காட்டினால் 8,000 கூடுதல். ஒவ்வொரு மாத வித்தியாசத்தையும் முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் சரியாக இருக்கும்வரை அந்தத் தொகை பூஜ்ஜியத்தைச் சுற்றியே ஆடும். விடாமல் ஏறத் தொடங்கும் மாதம்தான் நீங்கள் தேடுவது. அந்த மாதத்து மெயின்டனன்ஸ் நோட்டை எடுத்துப் புரட்டுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 60 டன் மாதத்திலும் 100 டன் மாதத்திலும் அதே 8,000 கூடினால், கசிவு, ஃபேன் போல எப்போதும் ஓடுவதில் கோளாறு. டன் ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் ஃபிரேம்களில் தேடுங்கள்.