நூல் வாங்க டேர்ம் லோனா, ஓவர்டிராஃப்ட்டா?

*திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்கு பனியன் தைக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய். நூலுக்கு உடனே பணம் கட்ட வேண்டும். சரக்கு போய் 60 நாள் கழித்துத்தான் வசூல். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் 15 லட்சம் வரை தேவைப்படுகிறது. டேர்ம் லோன் 11 சதவீதம், ஓவர்டிராஃப்ட் 12 சதவீதம் என்கிறது வங்கி. வட்டி குறைந்ததையே வாங்கிவிடலாமா?*

வேண்டாம், ஓவர்டிராஃப்ட்டை வாங்குங்கள். உங்கள் தொழிலில் ஒரு சதவீத வட்டி வித்தியாசத்தைவிட, அசலை எப்போது திருப்பிக் கட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

15 லட்சத்தை மூன்று ஆண்டு டேர்ம் லோனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 49,100 ரூபாய். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், தையல் முடிந்து, சரக்கு போய், வசூலாக மூன்று மாதமாவது ஆகும். முதல் சரக்கின் பணம் கைக்கு வருமுன்பே இரண்டு தவணை போய்விடும். ஓராண்டு முடிவில் அசலில் சுமார் நாலரை லட்சம் கட்டி முடித்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த தீபாவளிக்கும் உங்களுக்கு அதே 15 லட்சம் வேண்டும், கையில் இருப்பதோ பத்தரை லட்சம்தான். மீதிக்கு வெளியில் வட்டிக்கு வாங்க நேரிடும். தேவை குறையாதபோது கடன் மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே போவதுதான் இங்கே சிக்கல்.

ஓவர்டிராஃப்ட்டில் எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருக்கும் நாட்களுக்கு மட்டுமே வட்டி. நான்கு மாதம் 15 லட்சம், நான்கு மாதம் 9 லட்சம், மந்தமான நான்கு மாதம் 3 லட்சம் என்று எடுத்தால் ஆண்டு சராசரி 9 லட்சம். வட்டி 1,08,000 ரூபாய். டேர்ம் லோனில் முதலாண்டு வட்டி மட்டும் சுமார் 1,43,000. வசூலான பணத்தைக் கணக்கில் போட்ட அன்றே வட்டி குறையும், தேவைப்படும்போது அதே பணத்தைத் திரும்ப எடுக்கலாம்.

லிமிட் கிடைப்பதும் கடினமல்ல. சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனக் கடன் தருவது வங்கிகளின் வழக்கமான கணக்கு. உங்கள் விற்பனைக்கு அது 30 லட்சம்.

ஆனால் 15 லட்சம் லிமிட் என்றால் எப்போதும் 15 லட்சம் எடுக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடாகக் காட்டும் கணக்கில் (பல வங்கிகள் இதை கேஷ் கிரெடிட் என்பார்கள்) மாதந்தோறும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். சரக்கு 8 லட்சம், வரவேண்டியது 10 லட்சம், நூல்காரருக்குத் தரவேண்டியது 3 லட்சம் என்றால் நிகரம் 15 லட்சம். வங்கி அதில் 25 சதவீதத்தை மார்ஜினாகக் கழித்தால் எடுக்க முடிந்தது 11,25,000 மட்டுமே. நாள்பட்ட பாக்கியை, பெரும்பாலும் 90 நாள் தாண்டியதை, வங்கி கணக்கில் சேர்க்காது. ஆகவே வசூலில் தளர்ந்தால் எடுக்கும் தொகையும் சுருங்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். கணக்கு தொடர்ந்து 90 நாள் லிமிட்டைத் தாண்டி நின்றாலோ, வரவே இல்லாமல் கிடந்தாலோ அது வாராக்கடனாகிவிடும். விற்பனைப் பணத்தை வேறு வங்கிக் கணக்கில் போடாமல் இதிலேயே போடுங்கள். ஓவர்லாக் மெஷின் வாங்குவதற்கோ கூரை போடுவதற்கோ இதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். மெஷின் போட்ட பணத்தை நான்கைந்து ஆண்டுகளில்தான் திருப்பித் தரும். அதுவரை லிமிட்டில் அந்தத் தொகை அடைபட்டுக் கிடக்கும், நூலுக்குப் பணம் இருக்காது. மெஷினுக்கு மட்டும் தனியாக டேர்ம் லோன் கேளுங்கள். அதற்காக ஏற்பட்ட கடன்தான் அது.

முடிவெடுக்குமுன் கடந்த 12 மாத வங்கிக் கணக்கையும் கடன் பாக்கிகளையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பற்றாக்குறை இருந்தது என்று எழுதிப் பாருங்கள். மந்தமான மாதத்தில் 3 லட்சத்துக்குப் பக்கம் இறங்கியிருந்தால் நான் சொன்னபடியே செய்யலாம். எந்த மாதத்திலும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால், உங்களிடம் சொந்த மூலதனமே போதவில்லை என்று அர்த்தம். அப்போது அதில் 5 லட்சம் அளவுக்கு நீண்ட தவணை டேர்ம் லோனாகவும், மீதியை ஓவர்டிராஃப்ட்டாகவும் பிரித்துக் கேட்பது நல்லது. தவணையை மட்டும் லாபத்திலிருந்து கட்ட முடிகிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் மேலாளரிடம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, எடுக்காத லிமிட்டுக்குக் கட்டணம் உண்டா, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தாமதமானால் அபராதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.