வாடகைத் தேதியை 5லிருந்து 1க்கு மாற்ற என்ன எழுதலாம்?

"அண்ணா, டொராண்டோ வந்து நாலு மாசம் ஆச்சு. கொழிஞ்சாம்பாறை வீட்டை வாடகைக்கு விட்டிருக்கேன். லோன் தவணை 3ஆம் தேதியே போயிடுது, வாடகை 5ஆம் தேதிதான் வருது. 1ஆம் தேதிக்கு மாத்தணும்னு குடியிருக்கிறவருக்கு மெயில் எப்படி எழுதறது?"

தம்பி, முதலில் போன் போட்டு, அவருக்குச் சம்பளம் எந்தத் தேதி வருகிறது என்று கேளுங்கள். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் வேலை பார்த்து 3ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவர் என்றால், 5 அவருக்கு வசதி, 1 கஷ்டம். ஒப்பந்தத்தில் 5 என்று இருக்கும்போது நாம் மட்டும் மெயில் அனுப்பி மாற்றிவிடவும் முடியாது. அவர் சம்மதித்த பிறகு, பேசியதை எழுத்தில் வைக்கத்தான் மெயில்.

என் வேலந்தாவளம் வீட்டுக்கு நான் ஒரே வரிதான் எழுதினேன்: "அக்டோபர் 1 முதல் வாடகைத் தேதி மாறுகிறது." எந்தத் தேதிக்கு மாறுகிறது என்றே அதில் இல்லை. பாவம், அவர் அந்த மாதமும் 5ஆம் தேதிதான் அனுப்பினார். தப்பு என்னுடையது. அடுத்த தடவை இப்படி எழுதினேன்:

"வணக்கம் சார். போனில் பேசியபடி, வாடகை கட்டும் தேதி 5லிருந்து 1க்கு மாறுகிறது. செப்டம்பர் வாடகையை வழக்கம்போல் செப்டம்பர் 5க்குள் அனுப்புங்கள். அக்டோபர் வாடகையை அக்டோபர் 1ஆம் தேதி, இந்திய நேரப்படி இரவுக்குள் அனுப்புங்கள். அதன்பின் எல்லா மாதமும் 1ஆம் தேதிதான். வாடகைத் தொகை, அட்வான்ஸ், பணம் போடும் கணக்கு எதிலும் மாற்றமில்லை. சம்மதம் என்றால் இந்த மெயிலுக்கே 'சரி' என்று பதில் போடுங்கள்."

பழைய தேதியில் கடைசியாகக் கட்டுவது எந்த மாத வாடகை, புதிய தேதியில் முதலில் கட்டுவது எது என்று இரண்டையும் பெயர் சொல்லி எழுதினால் குழப்பம் வராது. ஆகஸ்ட் கடைசிக்குள் அனுப்பிவிட்டால் அவருக்கு ஒரு மாத அவகாசமும் கிடைக்கும். இந்திய நேரம் என்று சொல்வது நமக்காக. செப்டம்பர் 30 மதியம் இரண்டரைக்கே அங்கே 1ஆம் தேதி பிறந்துவிடும். இங்கே காலண்டரைப் பார்த்துக்கொண்டு அவருக்குப் போன் போடாதீர்கள். கணக்கு மாறவில்லை என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். நம் பெயரில் வேறு யாராவது புதுக் கணக்கு எண் அனுப்பினால் அவருக்கே சந்தேகம் வரும்.

ஒன்று மட்டும் ஒப்பந்தத்தில் பாருங்கள். வாடகை மாதம் 1 முதல் 30 வரை என்றால் கணக்கு எதுவும் இல்லை. அவர் 5ஆம் தேதி குடிவந்து, 5 முதல் அடுத்த 4 வரை ஒரு மாதம் என்று எழுதியிருந்தால், செப்டம்பர் 5இல் கட்டிய பணத்திலேயே அக்டோபரின் முதல் நான்கு நாள் அடங்கிவிட்டது. வாடகை 9,300 ரூபாய் என்றால், அக்டோபரின் 31 நாளில் ஒரு நாளைக்கு 300, நான்கு நாளைக்கு 1,200. அந்த மாதம் 8,100 வாங்கினால் போதும். அதையும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள், அவராகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அவர் 'சரி' என்று அனுப்பும் பதிலைப் பத்திரமாக வைத்திருந்து, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 1 என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.