முகநூலில் எழுதியதற்கு வேலை நீக்கமா?

ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். எங்கள் லாரி ஓட்டுநர் ஒருவர், பதினொரு ஆண்டு சேவை, இதுவரை ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியதில்லை. போன வாரம் இரவு வீட்டிலிருந்து முகநூலில் லயத்துத் தண்ணீர்த் தொட்டியின் படத்தைப் போட்டு, "மூணு மாசமா ஒழுகுது, ரெண்டு தடவ ஆபீஸ்ல சொல்லியாச்சு. லயத்துல இருக்கறவன் மனுஷனாத் தெரியலயா? ரிப்பேர் காசை மேனேஜர் ஏப்பம் விட்டுட்டாரு" என்று எழுதிவிட்டார். அதன் கீழே இன்னொரு தொழிலாளி, "இவர தோட்டத்த விட்டே ஓட்டணும்" என்று எழுத, ஓட்டுநர் அதற்கு விருப்பக்குறி இட்டிருக்கிறார். இரண்டாம் நாள் பதிவை அவரே நீக்கிவிட்டார். மேலாளர் என்னிடம், "தோட்டத்தின் நற்பெயரைக் கெடுத்ததற்காக வேலை நீக்கம்" என்று வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் தயாரிக்கச் சொல்கிறார். வேலை நேரத்தில் எழுதாததற்கும் நடவடிக்கை எடுக்கலாமா? இந்தப் பதிவு வேலையை விட்டு நீக்கும் அளவுக்குப் போதுமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. எழுதிய நேரமும் இடமும் யாரையும் காப்பாற்றுவதில்லை. எழுதியதற்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதுதான் பார்க்கப்படும், இங்கே அந்தத் தொடர்பைப் பற்றி யாரும் வழக்காட முடியாது. இரண்டாவது கேள்விதான் கடினமானது. அதற்கு விடை காண, "பதிவு" என்ற சொல்லை நீங்கள் சிறிது நேரம் மறந்துவிட வேண்டும். உங்கள் முன் இருப்பது ஒரு பதிவு அல்ல. வெவ்வேறு தன்மை கொண்ட மூன்று வாக்கியங்களும், வேறொருவர் எழுதிய ஒரு வாக்கியமும்.

தொட்டி மூன்று மாதமாக ஒழுகுவதாகவும் இரண்டு முறை சொன்னதாகவும் உள்ள முதல் வாக்கியம், சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தி. உங்கள் அலுவலகத்தில் புகார்ப் புத்தகம் இருந்தால் அதைப் புரட்டுங்கள். இல்லையென்றால் மண்டோரிடம் கேளுங்கள். அது உண்மையாக இருந்தால் அதற்காக அவரைத் தண்டிக்க இயலாது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தையும் குடிநீர் வசதியையும் 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் முதலாளியின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள குறையை ஒருவர் சுட்டிக்காட்டினார் என்பதைக் குற்றமாக்கும் முதலாளியின் மேல் எந்த நீதிமன்றத்துக்கும் இரக்கம் வராது. இருந்தாலும், முகநூலில் எழுதியவருக்குச் சட்டம் தனிக் கவசம் எதையும் மாட்டிவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டின் தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம், உரிய அமலாக்க நிறுவனத்திடம் சொன்னவரையே காக்கிறது, ஊருக்குச் சொன்னவரை அல்ல. அவர் நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் அவருடைய நிலை இன்னும் பலமாக இருந்திருக்கும்.

இரண்டாவது வாக்கியம் மனக்குமுறல். கடுமையாக இருக்கிறது, ஆனால் யார்மேலும் ஒரு செயலைச் சுமத்தவில்லை. அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. "ஏப்பம் விட்டுட்டாரு" என்பதற்குப் பணத்தைக் கையாடினார் என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. இது விமர்சனம் அல்ல, குற்றச்சாட்டு. ஆதாரமின்றிச் சொல்லப்பட்டிருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு இது ஒன்றே போதும். இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கடிதத்தை நீங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ தயாரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழ் வரியை அப்படியே மேற்கோளாக வைத்து, அதன் பக்கத்தில் பொருளை எழுதுங்கள். மேலாளர் ஏப்பமிட்டார் என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த கடிதம் விசாரணையில் சிரிப்பைத்தான் வரவழைக்கும். வெறுமனே "திருடன் என்று எழுதினார்" என்று மொழிபெயர்த்தால், அவர் அப்படி எழுதவே இல்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

நான்காவது வாக்கியம் ஓட்டுநருடையது அல்ல. 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு, ஒருவருடைய பெயரோ படமோ தாங்கிய பக்கத்தில் வெளியானதை அவரே வெளியிட்டதாக முதலில் அனுமானிக்கச் சொல்கிறது என்று யாராவது உங்கள் மேலாளருக்கு ஓதலாம். ஆனால் அது மறுக்கக்கூடிய அனுமானம், இங்கே எழுதியவர் யார் என்பது தோட்டத்துக்கே தெரியும். விருப்பக்குறி இட்டதை மனப்போக்குக்கு ஒரு சிறு சான்றாகக் கேட்கலாம்; அதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தால் உங்கள் பலமான குற்றச்சாட்டும் சேர்ந்து நீர்த்துப்போகும்.

இப்படிப் பிரித்துப் பார்க்க நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில்தான். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய தோட்ட நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளரின் முகநூல் பதிவுக்காக நான் எழுதிய குற்றப் பத்திரிகையில், "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தார்" என்ற வாக்கியம் மட்டுமே இருந்தது. எந்தச் சொல்லால் விளைவித்தார் என்று நீதிமன்றத் தலைவர் கேட்டபோது, எங்கள் சாட்சி பதிவு முழுவதையும் காட்டினார். அதில் பாதி உண்மை, கால்வாசி கேலி, மீதியில்தான் உண்மையான குற்றம் இருந்தது, ஆனால் அந்தக் குற்றத்தை நாங்கள் எங்குமே குறிப்பிட்டிருக்கவில்லை. 1981இல் ஜே அண்ட் பி கோட்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வகுத்த நெறி இதுதான்: முதலாளி எந்தக் காரணத்தைச் சொல்லி நீக்கினாரோ அந்தக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்றுதான் தொழில் நீதிமன்றம் பார்க்கும்; வேறொரு காரணம் பொருத்தமாக இருந்திருக்கும் என்று பின்னால் மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே "தோட்டத்தின் நற்பெயரைக் கெடுத்தார்" என்ற சொற்றொடரை உங்கள் கடிதத்தில் எழுதவே வேண்டாம்.

எழுத வேண்டியது வேலை நீக்கக் கடிதமும் அல்ல, விளக்கம் கோரும் கடிதம். அது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "இன்ன தேதி இரவு, பொதுமக்கள் அனைவரும் பார்க்கும் வகையில் உங்கள் முகநூல் பக்கத்தில் 'ரிப்பேர் காசை மேனேஜர் ஏப்பம் விட்டுட்டாரு' என்று எழுதியதன் மூலம், தோட்ட மேலாளர் பழுதுபார்ப்புப் பணத்தைக் கையாடியதாக ஆதாரமின்றிக் குற்றஞ்சாட்டினீர்கள் என்று தெரிவிக்கப்பட்டுள்ளது. இதற்கு உங்கள் விளக்கத்தை இன்ன தேதிக்குள் எழுத்துமூலம் தரவும்." பதிவு எல்லோருக்கும் தெரியும்படி இருந்ததா, நண்பர்களுக்கு மட்டுமா என்பதைச் சரிபார்த்துப் போடுங்கள், பத்துப் பேர் கொண்ட புலனக் குழுவில் சொன்னதும் ஊரே பார்க்கச் சொன்னதும் ஒன்றல்ல. திரைப்பிடிப்பை எடுத்தவர் யார், எப்போது எடுத்தார் என்பதும் கோப்பில் இருக்க வேண்டும். பதிவு நீக்கப்பட்டுவிட்டதால், படம் பிடித்தவரே விசாரணைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

ஓட்டுநருடைய விளக்கம் இரண்டில் ஒன்றாக இருக்கும். பழுதுபார்த்ததாக வவுச்சர் போடப்பட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்தேன், ஆனால் வேலை நடக்கவே இல்லை என்று அவர் சொன்னால், உங்கள் கையில் இருப்பது ஓட்டுநரின் ஒழுங்கீனம் அல்ல, மேலாளரைப் பற்றிய விசாரணை. அது தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். கோபத்தில் எழுதிவிட்டேன், யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினேன் என்று சொன்னால், ஒழுங்கீனம் ஏறத்தாழ நிறுவப்பட்டது என்று கொள்ளலாம். அப்போதும் அடுத்த கேள்வி மிச்சமிருக்கிறது. ஒழுங்கீனம் நடந்ததா என்பது ஒரு கேள்வி, அது வேலை நீக்கத்துக்குப் போதுமானதா என்பது வேறொரு கேள்வி, தொழில் நீதிமன்றம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகு நீக்கவும், பதவி இறக்கவும், அதைவிடக் குறைந்த தண்டனை தரவும் முதலாளிக்கு இடமளிக்கிறது. சம்பளமில்லாத இடைநீக்கம் தண்டனையாக அமைந்தால் அது இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. விசாரணைக்காக இடைநீக்கம் செய்தாலும் உச்சவரம்பு இரண்டு வாரமே. அந்தக் காலத்தில் பாதிச் சம்பளமாவது தர வேண்டும், குற்றம் இல்லை என்று முடிந்தால் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். பதினொரு ஆண்டுக் கறையற்ற சேவை, தூண்டுதலாக இருந்த உண்மையான குறை, கேட்காமலே பதிவை நீக்கியது ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஆதாரமற்ற குற்றச்சாட்டு நிரூபணமானாலும் கடைசி எச்சரிக்கையோ சில நாள் சம்பளமில்லா இடைநீக்கமோதான் தாங்கும் என்பது என் தீர்மானம். நீக்கினால் அவர் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடலாம். பிறகு வழக்கு அவர் பக்கம் முடிந்தால் 24 மாதம் வரை பின்சம்பளமும், மீண்டும் வேலைக்கு எடுக்காவிட்டால் அதற்கான இழப்பீடும் தர வேண்டி வரும். லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் மேலாளருக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

இதே ஆள் எச்சரிக்கைக்குப் பிறகும் அதே குற்றச்சாட்டை மீண்டும் எழுதியிருந்தாலோ, வேறொரு தோட்டத்துத் தொட்டியின் படத்தைப் போட்டு இதுதான் என்று சொல்லியிருந்தாலோ, மேலாளரின் வீட்டு முகவரியைப் போட்டு மிரட்டியிருந்தாலோ, என் பதில் வேறாக இருந்திருக்கும். நீங்கள் அவருடைய இடத்தில் இருந்து சம்பளப் பட்டியலைப் படம் எடுத்துப் போட்டிருந்தாலும் அப்படியே. கிராணியின் கையில் ஒப்படைக்கப்பட்ட ஆவணம் அது, அந்த நம்பிக்கை உடைந்தால் பல ஆண்டுச் சேவையும் அதிகம் காப்பாற்றாது.

சமூக ஊடகக் கொள்கை உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று சொல்லவில்லை. இல்லாவிட்டாலும் முதலாளிக்கு விசுவாசமாக நடக்கும் கடமை ஒப்பந்தத்திலேயே அடங்கியிருக்கிறது. இருந்து, அது அலுவலகப் பலகையில் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தால், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவருக்கு எச்சரிக்கை கொடுத்தோம் என்று மார்தட்ட வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் செய்ய வேண்டியவை இரண்டு. கடிதத்தில் மேலாளர் கையொப்பமிடக் கூடாது, விசாரணைக் குழுவிலும் உட்காரக் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவரே தீர்ப்பும் சொல்ல முடியாது, எனவே வேறு தோட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பும்படி தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள். இன்னொன்று, தொட்டியை இப்போதே சரிசெய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது கிளம்புவார்கள். சரிசெய்யட்டும், தண்ணீர் இல்லாமல் லயத்துக் குடும்பங்கள் தவிக்க வேண்டியதில்லை. ஆனால் கைவைப்பதற்கு முன் தேதி தெரியும்படி தொட்டியைப் படம் எடுத்து, மண்டோரின் கையொப்பத்தோடு கோப்பில் வைத்துவிடுங்கள்.